அமாவாசையா, பிரதமையா? மூன்று ஜாதகம் இரண்டு விதமாகச் சொல்கிறது

மாசிநிலா (பட்டர்வொர்த்)

எல்லோருக்கும் வணக்கம். நான் பிறந்தது பினாங்கில், 1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை, மாலை 4.35. சூராட் பெரானாக்கில் அப்படித்தான் இருக்கிறது. அன்று சீனப் பெருநாள் முதல் நாள். பட்டாசுச் சத்தத்தில் தாதி சொன்னதே காதில் விழவில்லை, ஆணா பெண்ணா என்று இரண்டு முறை கேட்டேன் என்று அம்மா இன்றைக்கும் சொல்வார்.

சிறு வயதிலிருந்தே வீட்டில் நான் "அமாவாசைப் பிள்ளை". பாட்டி ஒவ்வொரு அமாவாசைக்கும் என் பெயரில் எள் தானம் கொடுப்பார். அத்தை ஒருவர், அமாவாசையில் பிறந்தால் திருட்டுப் புத்தி வரும் என்று என் முன்னாலேயே சொல்லியிருக்கிறார். அப்போது எனக்கு ஒன்பது வயது. அன்று இரவு பென்சில் பெட்டியைத் திறந்து, அதில் என்னுடையது அல்லாதது ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். அதை மறக்க முடியவில்லை.

இப்போது கேள்வி. கையால் எழுதிய பழைய ஜாதகத்தில் அமாவாசை என்று இருக்கிறது. போன மாதம் ஓர் ஆப்பில் போட்டுப் பார்த்தேன், அதுவும் அமாவாசை என்றது. என் மகள் வேறோர் ஆப்பில் போட்டாள், அது வளர்பிறைப் பிரதமை என்கிறது. பிறந்தபோது நிலா இருந்த நிலையை வைத்து ஒருவர் வாழ்க்கை எந்த வடிவில் விரியும் என்று சொல்கிறார்களே, அதில் நான் எந்தப் பக்கம் நிற்கிறேன்?

ஜோதி சுபாங்

அக்கா, பயப்படவே வேண்டாம். அமாவாசை என்றால் மேல்நாட்டு ஜோதிடத்தில் நியூ மூன். டேன் ருத்யார் என்பவர் நிலாச் சுற்றை எட்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் எழுதியிருக்கிறார். நியூ மூனில் பிறந்தவர்கள் தொடங்குகிறவர்கள். யோசிக்காமல் இறங்கிவிடுவார்கள், ஒன்றைப் புதிதாகக் கிளப்பும் வேகம் இருக்கும். நம் ஊரில்தான் இருட்டு, தோஷம் என்று பயமுறுத்திவிட்டார்கள். நீங்கள் அமாவாசை என்றால் தொடக்கக்காரர். அவ்வளவுதான்.

கிள்ளான் தம்பி

நல்ல தலைப்பு. என் மனைவிக்கு அடுத்த மாதம் சிசேரியன். டாக்டர் மூன்று தேதி கொடுத்திருக்கிறார், அதில் இரண்டு தேய்பிறை. வளர்பிறைக்கே வைத்துக்கொள்வதா? மாமியார் ஒரே பிடியாக நிற்கிறார்.

பழைய பஞ்சாங்கம் (செந்தூல்)

தம்பி, இங்கே பேசுவது நேரத்தைத் தேர்ந்தெடுப்பது பற்றி அல்ல, ஏற்கெனவே பிறந்த நேரத்தைப் படிப்பது பற்றி. டாக்டர் எந்த நாள் தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லது என்கிறாரோ அதை வைத்துக்கொள்ளுங்கள். மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இனி மாசிநிலா. அம்மா, உங்கள் ஜாதகம் இந்த நாட்டில் பிறந்தவர்களுக்கு வரும் ஒரு பெரிய குழப்பத்துக்கு அப்படியே உதாரணம். அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நீங்கள் பிறந்த அன்று இந்தியாவில் முழுச் சூரிய கிரகணம். சூரிய கிரகணம் என்றாலே சூரியனும் சந்திரனும் ஒரே இடத்தில் சேர்வதுதான், அதனால் அன்று அமாவாசை முடிந்த நேரத்தில் சந்தேகமே வேண்டாம். கிரீன்விச் நேரப்படி காலை 8.51 வாக்கில் இரண்டும் சேர்ந்தன. அந்த நொடியோடு அமாவாசைத் திதி முடிந்தது. அதற்கு அப்புறம் பிரதமை.

அப்போது பினாங்கில் மணி என்ன? இன்றைக்கு நாம் கிரீன்விச்சுக்கு எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறோம். 1980-இல் அப்படி இல்லை, ஏழரை மணி நேரம்தான் முன்னால் இருந்தோம். 1982 புத்தாண்டு பிறந்தபோதுதான் தீபகற்பம் முழுக்கக் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்து, சபா சரவாக்கோடு சேர்ந்தோம். ஆகவே நீங்கள் பிறந்த அன்று அமாவாசை முடிந்தது பினாங்கு மணி 4.21-க்கு. நீங்கள் பிறந்தது 4.35. பதினான்கு நிமிடம் தாண்டிவிட்டது. பிரதமை.

இப்போது உங்கள் ஆப்பை எடுத்து நேர மண்டலம் என்ற கட்டத்தைப் பாருங்கள். +8 என்று நீங்களே போட்டிருப்பீர்கள், இல்லாவிட்டால் அதுவே போட்டிருக்கும். +8 போட்டால் கணினி உங்கள் 4.35-ஐக் கிரீன்விச் 8.35 என்று எடுத்துக்கொள்ளும். சேர்க்கைக்குப் பதினாறு நிமிடம் முன்னால். அதனால் அமாவாசை என்று சொல்லும். மகளுடைய ஆப் பழைய நேர வரலாற்றைத் தெரிந்து வைத்திருக்கிறது, +7:30 எடுத்திருக்கிறது, சரியாகச் சொல்லியிருக்கிறது.

கையெழுத்து ஜாதகத்தில் ஏன் அமாவாசை? இரண்டு காரணம் இருக்கலாம். பழைய ஜோசியர்கள் பலர் அன்று சூரிய உதயத்தில் எந்தத் திதியோ அதையே நாள் முழுக்க எழுதிவிடுவார்கள். விரதத்துக்குச் சில சமயம் அது சரி. ஜாதகத்துக்குப் பிறந்த நொடியில் என்ன திதி என்பதுதான் கணக்கு. இன்னொரு காரணம், தமிழ்நாட்டுப் பஞ்சாங்கத்தில் இந்திய நேரம் இருக்கும். அன்று அதில் அமாவாசை பிற்பகல் 2.21 வரை. அப்போது அதோடு இரண்டு மணி நேரம் கூட்டினால் நம் நேரம் வரும். இன்றைய பழக்கத்தில் இரண்டரை கூட்டினால் 4.51 ஆகிவிடும், நீங்கள் அமாவாசைக்குள் விழுந்துவிடுவீர்கள். பல பேரின் ஜாதகத்தில் இதே அரை மணி நேரம் விளையாடியிருக்கிறது. லக்னமே சுமார் ஏழு டிகிரி நகர்ந்துவிடும்.

மாசிநிலா

ஐயா, கை நடுங்குகிறது. நீங்கள் சொன்னபடியே இருக்கிறது, ஆப்பில் +8 போட்டிருந்தேன். அப்படியென்றால் நாற்பத்தைந்து வருடமாக நான் அமாவாசைப் பிள்ளை இல்லையா? பாட்டி கொடுத்த எள்ளெல்லாம்?

பழைய பஞ்சாங்கம் (செந்தூல்)

எள் தானம் பாட்டி உங்கள் மீது வைத்த அன்பு, அது வீண் போகாது.

ஜோதி எழுதியதையும் ஒரு வார்த்தை திருத்த வேண்டும். பாதி சரி, பாதி தலைகீழ். ருத்யார் பிரித்த எட்டில் நியூ மூன் வகை சேர்க்கைக்குப் பிறகுதான் தொடங்குகிறது, அங்கிருந்து 45 டிகிரி. நம் அமாவாசைத் திதி சேர்க்கைக்கு முந்திய 12 டிகிரி. அது அவர் கணக்கில் கடைசி வகையில் விழும். தேய்ந்து தேய்ந்து கீற்றும் மறையும் கட்டம், முடிப்பவர்கள், விடுபவர்கள், வரப்போவதற்கு விதையைப் பத்திரமாக வைத்துவிட்டுப் போகிறவர்கள் என்று அவர் சொல்கிற கட்டம். அமாவாசையில் பிறந்த ஒருவருக்குத் தொடக்கக்காரர் என்ற பலனை வாசித்தால், சுற்றின் கடைசியில் நிற்பவருக்கு முதல் ஆளின் கதையைச் சொன்னதாக ஆகும்.

பௌர்ணமியிலும் இதே சிக்கல். நம் பௌர்ணமித் திதி நிலா முழுமை அடைவதற்கு முந்திய 12 டிகிரி. அவருடைய முழு நிலா வகையோ முழுமைக்குப் பிறகு தொடங்குகிறது. நாம் ஒன்றை அதன் முடிவால் பெயரிடுகிறோம், அவர் தொடக்கத்தால் பெயரிடுகிறார்.

மாசிநிலாவின் விஷயத்தில், பதினான்கு நிமிடம் தாண்டியதால், ஜோதி சொன்ன பலன் தற்செயலாகச் சரியாகிவிட்டது. காரணம் மட்டும் தவறு.

ஜோதி சுபாங்

ஐயா, நன்றி. என் அண்ணன் அமாவாசை முடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது பிறந்தவர். இத்தனை வருடம் அவருக்கு நான் தொடக்கக்காரர் பலனைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு கடையும் புதிதாகத் திறந்ததில்லை. அப்பா திறந்து வைத்த கடைகளை ஒவ்வொன்றாகக் கணக்கு முடித்து, கடன் அடைத்து மூடியவர் அவர்தான். எனக்கு ஏன் இதற்கு முன் தோன்றவில்லை?

தண்ணீர்மலை அடிவாரம்

நான் தைப்பூசத்தன்று பிறந்தவன், அப்போ பௌர்ணமி. முழு நிலா வகை. எனக்கு எல்லாம் மனிதர்கள் வழியாகத்தான் வருகிறது, வேலை, கல்யாணம், சண்டை, எல்லாமே. தனியாக எதையும் செய்ய வராது. முழு நிலா என்றால் எதிரில் இருப்பவரைப் பார்த்துத் தன்னைத் தெரிந்துகொள்வது என்று எங்கோ படித்தேன். பொருந்துகிறது.

பழைய பஞ்சாங்கம் (செந்தூல்)

தைப்பூசம் என்பது தை மாதத்தில் பூச நட்சத்திரம் உள்ள நாள். பௌர்ணமி பக்கத்திலேயே வரும், அதனால் எல்லோரும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். சில வருடம் சதுர்த்தசியிலேயே பூசம் ஓடிவிடும். நீங்கள் முழுமைக்கு முன்னால் பிறந்திருந்தால் ருத்யார் பிரித்ததில் நான்காம் வகை. இன்னும் எதையோ மெருகேற்றிக்கொண்டே இருப்பவர், ஏன், எப்படி என்று துருவுகிறவர். வருடமும் மணியும் சொல்லுங்கள், பார்த்துவிடலாம்.

தண்ணீர்மலை அடிவாரம்

மணி தெரியாது ஐயா. காவடி இறங்குகிற நேரம் என்று அம்மா சொல்வார். ஒரு காவடி காலையில் இறங்கும், ஒன்று நள்ளிரவில் இறங்கும்.

கணக்கு வாத்தியார் (ஈப்போ)

இதுவரை அமைதியாகப் படித்தேன். பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஐயாவின் வானியல் கணக்கில் ஒரு குறையும் இல்லை. நேர மண்டல விளக்கத்தை என் மாணவர்களுக்கே காட்டப் போகிறேன்.

என் தயக்கம் வேறு இடத்தில். பதினான்கு நிமிடத்தில் சந்திரன் சூரியனை விட்டு எவ்வளவு விலகியிருக்கும்? ஒரு மணிக்கு அரை டிகிரிக்குச் சற்று மேல் என்றால், சுமார் 0.12 டிகிரி. நிலாவின் வட்டத்தையே கால் பங்கு நகர்த்தியது போல. வானத்தில் அன்று 4.20-க்கும் 4.35-க்கும் ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. அந்தக் கால் பங்கு ஒரு பெண்ணை "முடிப்பவள்" என்பதிலிருந்து "தொடங்குபவள்" என்று மாற்றுகிறது என்றால், கோடு எங்கே போட்டோம் என்பதுதான் பேசுகிறது, நிலா பேசவில்லை என்று எனக்குப் படுகிறது.

இன்னொன்று. அந்த நேரத்தை எழுதியது ஒரு தாதி. பிள்ளையைத் துடைத்து, எடை பார்த்து, அப்புறம் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து எழுதியிருப்பார். 4.35 என்ற எண் ஐந்தின் மடங்காக இருப்பதைக் கவனியுங்கள்.

பழைய பஞ்சாங்கம் (செந்தூல்)

வாத்தியார் ஐயா, இரண்டாவது கேள்விக்கு உடனே தலைவணங்குகிறேன். பதினான்கு நிமிட விளிம்பில் ஐந்து நிமிடத் தோராயம் பிழைத்துக்கொள்ளும், இருபது நிமிடத் தவறு பிழைக்காது. அதனால்தான் மாசிநிலா, அம்மாவிடம் அன்று நடந்ததை வரிசையாகக் கேட்டு எழுதுங்கள் என்று சொல்லவிருந்தேன்.

முதல் கேள்விக்கு, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நம் முறையில் திதி மாறினால் குணம் மட்டும் மாறுவதில்லை, கணக்கே மாறும். திதியால் பலம் இழக்கும் ராசியைத் திதி சூன்ய ராசி என்போம், அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அது கிடையாது. பிரதமைக்குத் துலாமும் மகரமும் சூன்யம். அதாவது 4.20 என்றால் அவருடைய கட்டத்தில் எந்த ராசியும் சூன்யம் அடையவில்லை. 4.35 என்றால் சுக்கிரன் வீடு ஒன்றும் சனி வீடு ஒன்றும் சூன்யம். சந்திர பலமோ இரண்டு பக்கத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு, மிகக் குறைவு. பிரதமை என்றதும் சந்திரன் பலமாகிவிட்டான் என்று யாரும் நினைக்க வேண்டாம். அத்தை பயந்தது சந்திர பலக் குறைவுக்கு என்றால் அது பிரதமையிலும் அப்படியே இருக்கிறது. திருட்டுப் புத்தி என்பதற்கு எந்தக் கணக்கிலும் இடம் இல்லை.

நான் எல்லைக் கோட்டில் பிறந்தவர்களுக்கு வகையைச் சொல்லுவதில்லை. நகரும் நிலாவைத்தான் பார்ப்பேன். அங்கே இந்தப் பதினான்கு நிமிடம் பெரிதாக உறுத்தாது.

மாசிநிலா

நகரும் நிலா என்றால்?

பழைய பஞ்சாங்கம் (செந்தூல்)

பிறந்த பிறகு வானத்தில் ஓடும் ஒவ்வொரு நாளையும் வாழ்க்கையில் ஒரு வருடமாக எடுத்துக்கொள்வது. இது மேல்நாட்டு முறை, நம் தசாபுத்தியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நிலா ஒரு சுற்றை இருபத்தொன்பதரை நாளில் முடிக்கிறது, ஆகவே வாழ்க்கையில் இருபத்தொன்பதரை வருடத்துக்கு ஒரு அமாவாசை, நடுவில் ஒரு பௌர்ணமி.

உங்களுக்குப் போட்டுப் பார்ப்போம். பிறந்தது பிப்ரவரி 16 மாலை. அடுத்த முழு நிலா மார்ச் 2 விடியற்காலை நாலரை மணிக்கு. அந்த வருடம் பிப்ரவரிக்கு 29 நாள். பதினான்கரை நாள் ஆகிறது. ஆக, உங்கள் பதினான்கரை வயது, 1994 ஆகஸ்ட் வாக்கில் முதல் பௌர்ணமி. அடுத்த சேர்க்கை மார்ச் 17 அதிகாலை இரண்டரை மணிக்கு, இருபத்தொன்பது நாளும் பத்து மணி நேரமும். பத்து மணி நேரம் ஐந்து மாதம் ஆகும். 2009 ஜூலை. அடுத்த முழு நிலா மார்ச் 31 இரவு பதினொன்றுக்குச் சற்று முன், 44 நாளும் ஆறு மணி நேரமும். 2024 மே.

பிறந்த நேரத்தில் அரை மணி நேரம் தவறினால் இந்தத் தேதிகள் ஏழெட்டு நாள்தான் நகரும். அதனால்தான் உறுத்தாது என்றேன். சேர்க்கை என்றால் ஒரு காலம் சத்தமில்லாமல் முடிந்து வேறொன்று முளைப்பது, முழு நிலா என்றால் விதைத்தது வெளிச்சத்துக்கு வருவது. நான் இந்த மூன்று தேதிகளைச் சொல்லிவிட்டேன். இனி நீங்கள் உங்கள் வாழ்க்கையில் பெரிய திருப்பங்களை, தேதிகளைப் பார்க்காமல் நினைவில் உள்ளபடி எழுதுங்கள்.

மாசிநிலா

தேதிகளைப் படித்துவிட்டேனே ஐயா, எப்படிப் பார்க்காமல் எழுதுவது? அதனால் என் மகளிடம் இழையைக் காட்டாமல், "அம்மா வாழ்க்கையில் பெரிய மாற்றம் எப்போதெல்லாம்?" என்று கேட்டேன். பழையது தெரியாததால் என் தம்பியையும் கேட்டேன். அவர்கள் சொன்னது:

1994 இறுதியில் அப்பா கூலிம் பக்கம் இருந்த தோட்டத்து வேலையை விட்டார், பட்டர்வொர்த்துக்கு வந்தோம். என் படிப்பு, தோழிகள், எல்லாம் புதிதானது. 2006-இல் பாயான் லெபாஸ் தொழிற்சாலையை விட்டு, வீட்டில் தையல் தொடங்கினேன். 2013-இல் அப்பா தவறினார். 2024 மார்ச்சில் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்த ஆரம்பித்தேன், இப்போது பதினொரு பேர் படிக்கிறார்கள்.

2009-இல் ஒன்றுமே இல்லை. ஆல்பங்களைக்கூடப் புரட்டினேன். அந்த வருடம் ஃபிரிட்ஜ் மாற்றியிருக்கிறோம்.

ஜோதி சுபாங்

2006 பொருந்துகிறதே அக்கா! சுற்றின் கடைசிக் கட்டம் சேர்க்கைக்கு மூன்றே முக்கால் வருடம் முன்னால் தொடங்கும். 2005 கடைசி. விடுகிற கட்டத்தில் தொழிற்சாலையை விட்டீர்கள்.

கணக்கு வாத்தியார் (ஈப்போ)

ஜோதி, இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். எட்டு எல்லைகளையும் எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய மூன்றே முக்கால் வருடத்துக்கு ஓர் எல்லை வரும். அப்படியானால் வாழ்க்கையில் எந்தச் சம்பவத்தைச் சொன்னாலும் அது ஏதோ ஓர் எல்லைக்கு இரண்டு வருடத்துக்குள் விழுந்தே தீரும். தவறவே முடியாத சோதனையில் தேறுவதற்கு மதிப்பெண் கொடுக்க முடியாது.

பழைய பஞ்சாங்கம் (செந்தூல்)

வாத்தியார் சொல்வது நியாயம். அதனால்தான் நான் சேர்க்கையையும் முழு நிலாவையும் மட்டும் எடுத்துக்கொண்டு, முன்பின் ஆறு மாதம் என்று கட்டிக்கொள்வது. அப்படிப் பார்த்தால் மாசிநிலாவுக்கு 1994 பொருந்துகிறது, 2024 பொருந்துகிறது, 2009 பொருந்தவில்லை. 2013-ஐ இந்த முறை தொடவே இல்லை, அப்பாவின் மறைவை அது காட்டவில்லை. பொருந்தாததை வளைத்துப் பொருந்த வைக்க மாட்டேன். என் குருநாதர் தவறிய பலன்களுக்குத் தனி நோட்டு வைத்திருந்தார். நானும் வைத்திருக்கிறேன், இது அதில் போகும்.

கணக்கு வாத்தியார் (ஈப்போ)

மூன்றில் இரண்டை வைத்து ஆம் என்றோ இல்லை என்றோ நான் சொல்ல மாட்டேன் ஐயா. ஆனால் தவறியதற்கு நோட்டு வைத்திருக்கிறீர்கள் என்பதைக் கேட்க நிறைவாக இருக்கிறது. எப்போதாவது செந்தூல் வந்தால் அந்த நோட்டைப் பார்க்கலாமா?

பழைய பஞ்சாங்கம் (செந்தூல்)

தாராளமாக வாருங்கள். மதியச் சாப்பாடு நம் வீட்டில்.

தைப்பிங் தாத்தா

பேரப்பிள்ளை தட்டச்சு செய்து தருகிறான். எனக்கு ஒரு சந்தேகம். நான் 1943-இல் பிறந்தவன், ஜப்பான்காரன் காலம். ஏழரையா எட்டா?

பழைய பஞ்சாங்கம் (செந்தூல்)

வணக்கம் ஐயா. இரண்டும் இல்லை. ஜப்பான்காரர்கள் தோக்கியோ நேரத்தை இங்கே கொண்டுவந்தார்கள், கிரீன்விச்சுக்கு ஒன்பது மணி நேரம் முன்னால். ஏழரை என்று போட்டால் ஒன்றரை மணி நேரம் தவறிவிடும், லக்னமே மாறக்கூடும். ஒரே ஒரு எச்சரிக்கை. வீட்டில் பிறந்தவர்கள் என்றால், அந்த வீட்டுக் கடிகாரத்தைத் தோக்கியோவுக்கு மாற்றினார்களா, பழைய நேரத்திலேயே ஓட விட்டார்களா என்று கேட்க வேண்டும்.

தைப்பிங் தாத்தா

வீட்டில் கடிகாரமே கிடையாது தம்பி. ஆலைச் சங்கு ஊதியபோது பிறந்தேன் என்பார்கள்.

இன்னொரு விஷயம். அந்த அம்மாவுக்கு, 1980 மாசி என்றால் சித்தார்த்தி வருஷம். என் தகப்பனார் பஞ்சாங்கம் ஒன்றையும் வீசமாட்டார், தகரப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறோம். அது வாக்கியப் பஞ்சாங்கம். அதில் அன்று அமாவாசை எத்தனை நாழிகை என்று பார்க்கவா?

பழைய பஞ்சாங்கம் (செந்தூல்)

கட்டாயம் பாருங்கள் ஐயா. பழைய வாய்பாட்டுக் கணக்கான வாக்கியத்துக்கும் இன்றைய வானியல் கணக்கான திருக்கணிதத்துக்கும் அஷ்டமி பக்கம்தான் மணிக்கணக்கில் விலகும், அமாவாசை பௌர்ணமியில் நெருங்கி வந்துவிடும். இருந்தாலும் நம்மிடம் இருப்பது பதினான்கு நிமிடம்தான். வாக்கியம் அதைவிடக் கூடுதலாகத் தள்ளியிருந்தால், பழைய ஜோசியர் அமாவாசை என்று எழுதியது அவருடைய கணக்கில் சரியாகவே இருக்கும். அப்போது அவர்மேல் நான் சொன்ன இரண்டு காரணத்தையும் திரும்ப வாங்கிக்கொள்வேன்.

மாசிநிலா

அம்மாவிடம் பேசிவிட்டு வருகிறேன். அவருக்கு எழுபத்திரண்டு வயது, ஆனால் அன்றைய நாள் அப்படியே ஞாபகம் இருக்கிறது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வலி கண்டது, பார்வையாளர் மணி அடித்து வெளியே இருந்தவர்களை உள்ளே விட்டபோது தான் இன்னும் பிள்ளை பெறவில்லை, அப்பா ஆரஞ்சுப் பழத்தோடு கதவருகே நின்றுகொண்டிருந்தார் என்கிறார். பார்வையாளர் மணி நாலரை என்று அம்மா உறுதியாகச் சொல்கிறார். அப்பாவிடம் கேட்க இப்போது வழியில்லை.

நாலரைக்குப் பிறகு என்றால் 4.35 சரிதான், இல்லையா ஐயா?

பழைய பஞ்சாங்கம் (செந்தூல்)

சரிதான் அம்மா. பிரதமை என்று எழுதிக்கொள்ளுங்கள், பென்சிலால். தைப்பிங் ஐயா பெட்டியைத் திறக்கட்டும்.

தைப்பிங் தாத்தா

சனிக்கிழமை பேரன் வருவான், அவன்தான் பெட்டியை இறக்க வேண்டும். பார்த்துவிட்டு எழுதச் சொல்கிறேன்.